கல்லாப்பெட்டி வயரை நெட்வொர்க் போர்ட்டில் செருகினால் என்ன நடக்கும்?

கேள்வி: "பில் பிரிண்டரில் இருந்து கல்லாப்பெட்டிக்குப் போகும் வயரின் இரண்டு முனையிலும் டெலிபோன் பின் மாதிரி இருக்கிறது. பெட்டிப் பக்கத்து முனை கழன்று கிடந்ததால் யாரோ அதை நெட்வொர்க் ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். அது நன்றாகவே உள்ளே போனது. இப்போது அந்த போர்ட் சரியாக வேலை செய்யவில்லை, கல்லாப்பெட்டி திறந்தே கிடக்கிறது என்று மென்பொருள் சொல்கிறது. செருக முடிகிறது என்றால் செருகியது எப்படித் தவறாகும்?"

நான் பில்லிங் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் ஒரே செயலால் வந்தவையாக இருக்கலாம், ஆனால் அவற்றின் காரணங்கள் வேறு வேறு என்றே நினைக்கிறேன். முதலாவது பெரும்பாலும் உலோகம் வளைந்ததால் வந்தது, இரண்டாவது மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போனதால் வந்தது.

முதலில் அந்த வயரில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். கல்லாப்பெட்டிக்குள் மூளை எதுவும் கிடையாது. ஒரு செம்புக்கம்பிச் சுருளும், அதன் நடுவே நகரும் ஓர் இரும்புத் தண்டும், பெட்டி மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று சொல்லும் ஒரு சிறு விசையும் மட்டுமே அதில் உள்ளன. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் தண்டு இழுபட்டுக் கொக்கி விடுபடுகிறது, உள்ளிருக்கும் ஸ்பிரிங் பெட்டியை வெளியே தள்ளுகிறது. அந்த மின்சாரம் முழுவதையும் கொடுப்பது பில் பிரிண்டர்தான். பரவலாகப் பின்பற்றப்படும் எப்சன் முறையில் பிரிண்டரின் ஆறு முனைகள் இப்படி அமைந்திருக்கும்: முதலாவது உடற்சட்டத்தின் எர்த், இரண்டாவது பெட்டியைத் திறக்கும் முனை, மூன்றாவது பெட்டியின் நிலையை உணரும் முனை, நான்காவது 24 வோல்ட், ஐந்தாவது இரண்டாம் பெட்டி ஒன்று இருந்தால் அதைத் திறக்கும் முனை, ஆறாவது சிக்னல் கிரவுண்ட். வேறு தயாரிப்பாளர்கள் சிலர் இந்த வரிசையை மாற்றி வைத்திருக்கிறார்கள். எனவே கீழே நான் சொல்லும் எண்கள் எப்சன் வரிசைக்கும் அதைப் பின்பற்றும் பிரிண்டர்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

பெட்டி திறக்கும் கணத்தில் மட்டுமே வயரில் மின்சாரம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், இங்கே ஏமாறுவது அதனால்தான். மென்பொருள் பிரிண்டருக்கு அனுப்பும் கட்டளை ஐந்து பைட்டுகள் கொண்டது:

```
1B 70 00 19 FA
```

இதில் 19 என்பது பதினாறடி எண்முறையில் 25. அதை 2 மில்லிவினாடியால் பெருக்கினால் 50 மில்லிவினாடி வரும், சுருள் இழுக்கப்படும் நேரம் அவ்வளவுதான். ஆனால் அந்த 50 மில்லிவினாடியில் பிரிண்டர் செய்வது 24 வோல்ட்டைப் புதிதாகக் கொண்டுவருவது அல்ல. நான்காவது முனையில் 24 வோல்ட் பிரிண்டருக்கு மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறது, கட்டளை வந்ததும் பிரிண்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் இரண்டாவது முனையைக் கிரவுண்டோடு இணைக்கிறது, சுற்று முழுமையாகிறது. வழக்கமான சுருளின் மின்தடை 24 ஓம் என்பதால் அப்போது ஏறத்தாழ ஓர் ஆம்பியர் பாய்கிறது. பெட்டிப் பக்கத்து முனை கழன்று மேசைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்த பிளக்கின் ஒரு தங்கக் கம்பியில் 24 வோல்ட் இருந்தது.

இனி அந்த பிளக் எப்படி உள்ளே போனது என்பதற்கு வருகிறேன். டெலிபோன் பாணி பிளக்கின் அகலம் 9.65 மில்லிமீட்டர், நெட்வொர்க் பிளக்கின் அகலம் ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர். இரண்டின் உயரமும் தாழ்ப்பாளின் அமைப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, கம்பிகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றே. அதனால் ஆறு முனைப் பிளக் எட்டு முனைத் துளைக்குள் நடுவில் போய் உட்கார்ந்துவிடும், தாழ்ப்பாளும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். எதிர்த்திசையில் இது நடக்காது, ஏனெனில் நெட்வொர்க் பிளக் டெலிபோன் துளைக்குள் நுழையாது. ஆபத்து ஒரு பக்கம் மட்டுமே திறந்திருப்பதால்தான், நுழைந்துவிட்டதே, சரியான இடம்தான் போலிருக்கிறது என்று கை சொல்லிவிடுகிறது.

நடுவில் உட்காரும்போது நெட்வொர்க் துளையின் எட்டுக் கம்பிகளில் நடுவிலுள்ள ஆறு மட்டுமே பிளக்கின் கம்பிகளைத் தொடுகின்றன. ஓரத்தில் உள்ள முதலாவதும் எட்டாவதும் பிளக்கின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் ஏறுகின்றன. நெட்வொர்க் பிளக்கில் அந்த இரண்டு கம்பிகளுக்கும் பள்ளம் வெட்டியிருக்கும், டெலிபோன் பிளக்கில் அந்த இடத்தில் பள்ளம் இல்லாமல் முழுப் பிளாஸ்டிக் இருக்கிறது. அது அந்த இரண்டு மெல்லிய கம்பிகளையும் அவை வழக்கமாக வளையும் அளவைவிட அதிகமாக அழுத்துகிறது. ஒரு நொடி செருகி எடுத்தால் அவை மீண்டு வரலாம். நாள்கணக்கில் செருகியே கிடந்தால் ஸ்பிரிங் தன்மையை இழந்து தாழ்ந்தபடியே நின்றுவிடும். அதன் பிறகு சரியான நெட்வொர்க் வயரைச் செருகினாலும் அந்த இரண்டு கம்பிகள் தொடுவதும் தொடாததுமாக இருக்கும்.

உங்கள் போர்ட்டின் கோளாறு பெரும்பாலும் இதுதான் என்று நான் நினைப்பதற்குக் காரணம், அந்த இரண்டு கம்பிகளும் வேலை செய்யும் முறை. 100 மெகாபிட் வேகத்தில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் மட்டுமே பயன்படுகின்றன. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். முதல் கம்பி தொடவில்லை என்றால் எந்த வேகத்திலும் இணைப்பு நிற்காது. எட்டாவது மட்டும் தொடவில்லை என்றால் கிகாபிட்டாக இருந்த இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அல்லது வயரை ஆட்டும்போதெல்லாம் விழுந்து எழும். லினக்ஸ் இயந்திரத்தை அந்த போர்ட்டில் இணைத்து `ethtool eth0` என்று தட்டினால் `Speed:` என்ற வரியில் `1000Mb/s` வருகிறதா `100Mb/s` வருகிறதா என்று தெரிந்துவிடும் (உங்கள் இயந்திரத்தில் `eth0` என்ற பெயர் வேறாக இருக்கலாம்). அதற்கு முன் ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு டார்ச் ஒளியில் துளைக்குள் பாருங்கள். எட்டுத் தங்கக் கம்பிகளும் சீப்பின் பற்களைப் போல ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஓரத்து இரண்டு மட்டும் உள்ளே அழுந்தியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஊசியால் நெம்பி நேராக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அந்தக் கம்பி மறுபடி தளர்வதைத்தான் கண்டேன் என்பதால் இப்போது அந்த போர்ட்டை டேப் ஒட்டி மூடிவிடச் சொல்கிறேன்.

அடுத்தது மின்சாரம். ஆறு முனைப் பிளக் நடுவில் உட்காருவதால் பிரிண்டரின் ஒவ்வொரு முனையும் நெட்வொர்க் துளையில் அதற்கு அடுத்த எண்ணில் போய் விழுகிறது. பிரிண்டரின் நான்காவது முனையான 24 வோல்ட் துளையின் ஐந்தாவது கம்பியில் விழும். நிலையை உணரும் மூன்றாவது முனை துளையின் நான்காவது கம்பியில் விழும். சிக்னல் கிரவுண்ட் ஏழாவது கம்பிக்குப் போகும். இப்போது நெட்வொர்க் துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அங்கே நான்காவதும் ஐந்தாவதும் ஒரு ஜோடி. கிகாபிட் போர்ட்டில் அந்த ஜோடியின் இரண்டு முனைகளும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் சுருளின் இரண்டு நுனிகள், நேர்மின்னோட்டத்துக்கு அந்தச் சுருள் ஒரு சாதாரணக் கம்பிதான். பழைய 100 மெகாபிட் போர்ட்டுகள் பலவற்றில் பயன்படாத அந்த ஜோடியை நேராகவே ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். எந்த வகையானாலும் முடிவு ஒன்றே. ஐந்தாவது கம்பிக்கு வந்த 24 வோல்ட் நான்காவது கம்பி வழியாகத் திரும்பி, பிரிண்டரின் நிலை உணரும் முனைக்குள் நுழைகிறது. அந்த முனை தர்க்கச் சுற்றின் சிறு மின்னழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டது, அங்கே 24 வோல்ட் வருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நெட்வொர்க் போர்ட்டை நினைத்துக் கவலைப்படும் நேரத்தில் அடி வாங்குவது பிரிண்டராக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெட்டி திறந்தே இருக்கிறது என்று உங்கள் மென்பொருள் சொல்வதற்கு இதுவே காரணம் என்று ஐயப்படுகிறேன். அதை ஊகத்தோடு விடாமல் சோதிக்க முடியும். பிரிண்டர் நெட்வொர்க் வழியாக இணைந்திருந்தால், அதன் முகவரியைப் போட்டு இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
printf '\x10\x04\x01' | nc -w 2 192.168.1.50 9100 | xxd
```

பிரிண்டர் ஒரே ஒரு பைட்டைத் திருப்பி அனுப்பும். வேறு கோளாறு இல்லாத நிலையில் அது `16` அல்லது `12` ஆக இருக்கும். `16` என்றால் மூன்றாவது முனை உயர் நிலையில் இருக்கிறது, `12` என்றால் தாழ் நிலையில் இருக்கிறது. பெட்டியின் வயரை அதற்குரிய இடத்தில் சரியாகச் செருகிவிட்டு, பெட்டி மூடியிருக்கும்போது ஒருமுறை, சாவியால் திறந்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். இரண்டு விடைகளும் வேறுபட்டால் அந்த முனை உயிரோடு இருக்கிறது, கோளாறு மென்பொருள் அமைப்பில் இருக்கிறது. சில பெட்டிகளில் திறந்தால் உயர் நிலை, சிலவற்றில் மூடினால் உயர் நிலை என்பதால் அமைப்பு தலைகீழாக வைக்கப்பட்டிருக்கலாம். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால் பெட்டியின் விசை கெட்டிருக்க வேண்டும், அல்லது வயர் அறுந்திருக்க வேண்டும், அல்லது பிரிண்டரின் அந்த முனை போயிருக்க வேண்டும். மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையில் வயரையும் விசையையும் பார்த்து அவை நன்றாக இருந்தால் மூன்றாவதே மிஞ்சுகிறது.

சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு கடையில் சரியாக இப்படித்தான் நடந்திருந்தது. கடையைத் துடைத்தவர்கள் மேசையை நகர்த்தியபோது கழன்ற முனையை, விளக்குகள் மின்னும் பெட்டியில் காலியாக இருந்த ஒரு துளையில் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. கல்லாப்பெட்டி திறக்கவில்லை என்று என்னை அழைத்தார்கள், வயரை மாற்றிச் செருகியதும் திறந்தது. ஆனால் மேலே சொன்ன சோதனையில் பெட்டி மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் `12` மட்டுமே வந்தது. வயரை முழுவதுமாகக் கழற்றிவிட்டுக் கேட்டபோதும் `12`தான். எதுவும் இணைக்கப்படாதபோது அந்த முனை உள்ளிருக்கும் மின்தடையால் மேலே இழுக்கப்பட்டு `16` காட்ட வேண்டும். அங்கே சந்தேகம் தீர்ந்தது. பிரிண்டர் அச்சடிக்கிறது, பெட்டியைத் திறக்கிறது, நிலையை மட்டும் அறிய முடியவில்லை. பலகையை மாற்றுவதைவிட மென்பொருளில் பெட்டி நிலையைப் பார்க்கும் வசதியை அணைத்துவிட்டு அப்படியே பயன்படுத்தலாம் என்று சொன்னேன், அவர்களும் அதையே செய்தார்கள். உங்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது, பெட்டி மூடினால்தான் அடுத்த பில் போட முடியும் என்ற கட்டுப்பாடு உங்கள் கடைக்கு இன்றியமையாதது இல்லையென்றால்.

நெட்வொர்க் ஸ்விட்சின் உள்ளே எதுவும் கருகியிருக்குமா என்றால், அங்கே நான் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் கலந்திருக்கின்றன. பல போர்ட்டுகளில் ஒவ்வொரு ஜோடியின் நடுப்புள்ளியிலிருந்தும் 75 ஓம் மின்தடை ஒன்று பொதுவான ஒரு புள்ளிக்குப் போகும், இரைச்சலைக் குறைப்பதற்காக. 24 வோல்ட் ஒரு ஜோடியில் நுழைந்து, அதன் 75 ஓம் வழியாகப் பொதுப் புள்ளிக்கு வந்து, சிக்னல் கிரவுண்ட் இருக்கும் ஏழாவது கம்பியின் 75 ஓம் வழியாகத் திரும்பினால் மொத்தம் 150 ஓம், 0.16 ஆம்பியர். ஒவ்வொரு மின்தடையிலும் ஏறத்தாழ 1.9 வாட் வெப்பம். அரிசிக் குறுணையைவிடச் சிறிய அந்த மின்தடைகள் பத்தில் ஒரு வாட் அளவுக்கே செய்யப்பட்டவை என்பதால் கருகிவிடும். ஆனால் பி.ஓ.இ. என்னும், வயர் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் வகைக்காக வடிவமைத்த போர்ட்டுகளில் இந்த மின்தடைகளோடு தொடராக மின்தேக்கிகள் இருக்கும், அங்கே நேர்மின்னோட்டம் பாயாது, கருகவும் கருகாது. உங்கள் ஸ்விட்ச் எந்த வகை என்று திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. தரவைக் கையாளும் சில்லு பெரும்பாலும் தப்பித்துவிடும், ஏனெனில் டிரான்ஸ்பார்மர் நேர்மின்னோட்டத்தை அதன்பக்கம் விடாது. அந்த 75 ஓம் கருகினாலும் தரவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் இணைப்பு விழுவதற்கு நான் வளைந்த கம்பிகளை முதலில் சந்தேகிப்பது அதனாலும்தான்.

இதே ஆபத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கல்லாப்பெட்டியின் வயர் பெட்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டு, ஒரே ஒரு பிளக் மட்டும் வெளியே வந்திருந்தால், அதைத் தவறுதலாகப் பிரிண்டரின் பக்கத்திலிருக்கும் நெட்வொர்க் துளையில் செருகுவது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே 24 வோல்ட் வருவதற்கு வழியில்லை, ஏனெனில் பெட்டி எதையும் உற்பத்தி செய்யாது. பெட்டி திறக்காது, ஓரத்துக் கம்பிகள் அழுந்தும், அவ்வளவே. ஆனால் அதே பிளக்கை, நெட்வொர்க் வயர் வழியாக எப்போதும் மின்சாரம் விட்டுக்கொண்டிருக்கும் மலிவான வகை மின்னூட்டி ஒன்றின் துளையில் செருகினால் கதை வேறு. அத்தகைய மின்னூட்டிகள் 4, 5 ஆகிய கம்பிகளில் நேர்முனையையும் 7, 8 ஆகியவற்றில் எதிர்முனையையும் கொடுக்கின்றன. பெட்டியின் சிறு விசை இருப்பதோ துளையின் நான்காவது கம்பிக்கும் ஏழாவது கம்பிக்கும் இடையே. விசை மூடியதும் மின்னூட்டி நேரடியாகக் குறுக்குச்சுற்றாகிவிடும். தரப்படுத்தப்பட்ட பி.ஓ.இ. ஸ்விட்சுகள் எதிரே 25 கிலோ ஓம் என்ற அடையாளத்தைப் பார்த்த பிறகே மின்சாரம் விடுகின்றன என்பதால் அங்கே இந்த அபாயம் மிகக் குறைவு.

டெலிபோன் வயர் ஒன்றை எடுத்துக் கல்லாப்பெட்டி வயராகப் பயன்படுத்தலாமா என்று அடுத்து யாரேனும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். சாதாரணத் தட்டை டெலிபோன் வயரில் பெரும்பாலும் நான்கு கம்பிகள் மட்டுமே இருக்கும், இரு முனைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாகவும் இருக்கும். ஆறு கம்பிகளும் கொண்டு தலைகீழாகச் செய்யப்பட்ட வயரானால் இன்னும் மோசம். பிரிண்டரின் 24 வோல்ட் பெட்டியின் விசை வழியாகப் பாய்ந்து உடற்சட்ட எர்த்தில் முடியும். இரு முனைகளையும் தாழ்ப்பாள் ஒரே பக்கம் பார்க்கும்படி அருகருகே பிடித்துப் பாருங்கள். இடமிருந்து வலமாகக் கம்பிகளின் நிறங்கள் ஒரே வரிசையில் இருந்தால் நேர் வயர், அதுதான் வேண்டும். டெலிபோன் இணைப்பையே பிரிண்டரின் அந்தத் துளையில் செருகுவதையும் தயாரிப்பாளர்களின் கையேடுகள் தடுக்கின்றன. தொலைபேசி வழியில் மணி அடிக்கும்போது வரும் மாறுமின்னழுத்தம் 24 வோல்ட்டைவிடப் பல மடங்கு அதிகம்.

கடைசியாக, சுவருக்குள் ஏற்கனவே ஓடும் நெட்வொர்க் வயரைக் கொண்டு பெட்டியைத் தூரத்தில் வைக்கும் யோசனை. மின்கணக்குப்படி அது நடக்கும். பத்து மீட்டர் வழக்கமான நெட்வொர்க் செம்புக்கம்பி போக வர சேர்த்து 1.7 ஓம் அளவே, 24 ஓம் சுருளோடு ஒப்பிட்டால் பெட்டி திறப்பதற்கு அது தடையாக இருக்காது. ஆனாலும் நான் செய்து தர மறுத்திருக்கிறேன். சுவரில் நெட்வொர்க் துளையைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு துளையில் 24 வோல்ட் நின்றுகொண்டிருக்கும், இன்னும் ஒரு வருடம் கழித்து யாரோ தன் மடிக்கணினியை அதில் செருகுவார். அதைவிட ஆறு கம்பி கொண்ட நீண்ட நேர் வயர் ஒன்றை வாங்கி, அதன் இரு முனைகளிலும் "கல்லாப்பெட்டி, 24 வோல்ட்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். உங்கள் ஸ்விட்சில் அந்த வரிசையில் காலியாக இருக்கும் மற்றத் துளைகளுக்கு ரப்பர் மூடிகள் கிடைக்கின்றன, அவற்றையும் போட்டுவிடுங்கள்.